ஆயிரம் டாலர் அனுப்பினால் எத்தனை ரூபாய் வந்து சேரும்?

நேயர்களுக்கு வணக்கம். வெளிநாட்டு வாடிக்கையாளர்களுக்கு வீட்டிலிருந்தே வேலை செய்துகொடுக்கும் இளைஞர்களுக்கு நான் கணக்குப் பார்த்துக் கொடுக்கிறேன். இணையதளம் வடிவமைப்பவர், மென்பொருள் எழுதுபவர், வீடியோ எடிட் செய்பவர் என்று பலரும் வருவார்கள். எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி ஒன்றுதான்: "சார், எதில் பணம் வாங்கினால் கட்டணம் குறைவு?"

கட்டணத்தை மட்டும் பார்த்தால் இதற்குச் சரியான பதில் கிடைக்காது. பிடித்தம் இரண்டு இடத்தில் நடக்கிறது. ஒன்று, கட்டணம் என்று பெயர் போட்டு எடுப்பது. இன்னொன்று, டாலரை ரூபாயாக மாற்றும்போது விகிதத்தைக் குறைத்துக் கொடுப்பது. இந்த இரண்டாவது பிடித்தம் எந்த ரசீதிலும் தனி வரியாக இருக்காது. அதனால் நான் ஒரே ஒரு கணக்குத்தான் போடச் சொல்வேன். கடைசியாக நம் வங்கிக் கணக்கில் விழுந்த ரூபாயை, இன்வாய்ஸில் போட்ட டாலரால் வகுத்துப் பாருங்கள். வரும் எண்ணை அன்றைய சந்தை விகிதத்தோடு ஒப்பிடுங்கள். எஃப்.பி.ஐ.எல். என்ற அமைப்பு ஒவ்வொரு வேலைநாளும் மதியம் வெளியிடும் விகிதத்தை இதற்கு அளவாக வைத்துக்கொள்ளலாம்.

ஒரு உதாரணத்தைப் போட்டுப் பார்ப்போம். கோயம்புத்தூரில் ஒரு தம்பி. அமெரிக்காவில் டெக்சாஸில் இருக்கும் சிறிய நிறுவனத்துக்கு இணையதளம் செய்து கொடுத்துவிட்டு ஆயிரம் டாலருக்கு இன்வாய்ஸ் அனுப்புகிறார். கணக்கு எளிதாக வர, சந்தை விகிதம் 90 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். பிடித்தமே இல்லையென்றால் 90,000 ரூபாய் வர வேண்டும்.

முதல் வழி, வங்கியிலிருந்து வங்கிக்கு ஸ்விஃப்ட் மூலம் அனுப்புவது. டெக்சாஸ் வங்கிக்கும் கோவை வங்கிக்கும் நேரடித் தொடர்பு இருக்காது. நடுவில் ஒரு வங்கியோ இரண்டோ வரும். அந்த இடைநிலை வங்கி 20 டாலர் எடுத்துக்கொள்கிறது என்று வைப்போம். மீதி 980. நம் வங்கி கொடுக்கும் விகிதம் 88 ரூபாய் 90 காசு என்றால் 87,122 ரூபாய். அதில் அந்நியச் செலாவணி மாற்றத்துக்கான ஜி.எஸ்.டி. சுமார் 157 ரூபாய், வங்கியின் வரவுக் கட்டணம் வரியோடு 236 ரூபாய் போனால், கையில் 86,729. டாலருக்கு 86 ரூபாய் 73 காசு.

இரண்டாவது வழி, பேபால். வாடிக்கையாளருக்கு இதைவிட எளிது எதுவும் இல்லை, அட்டையைப் போட்டால் முடிந்தது. ஆனால் 4.4 சதவீதமும் 30 சென்ட்டும் கட்டணமாகப் போய்விடும். அப்புறம் விகிதத்தில் மூன்று சதவீதம் குறைகிறது என்று எடுத்துக்கொண்டால் கையில் வருவது ஏறக்குறைய 83,430 ரூபாய். அதோடு, இந்தியக் கணக்குகளில் பணம் தானாகவே வங்கிக்குப் போய்விடும். டாலராகவே வைத்திருந்து நல்ல விகிதம் வரும் நாளில் மாற்றலாம் என்பதெல்லாம் இதில் கிடையாது.

மூன்றாவது வழி, பயோனியர் போன்ற சேவைகள். இவை உங்கள் பெயரில் அமெரிக்காவிலேயே பணம் பெறும் ஒரு கணக்கு எண்ணைத் தருகின்றன. வாடிக்கையாளர் அந்த ஊர் நபருக்கு அனுப்புவது போலவே ஏ.சி.ஹெச். முறையில் அனுப்புகிறார், நடுவில் இடைநிலை வங்கி இல்லை. விகிதக் குறைப்பு, வரி எல்லாம் சேர்த்து இரண்டு சதவீதம் போனாலும் 88,200 ரூபாய் வரும்.

அப்படியானால் மூன்றாவதுதான் எப்போதும் சிறந்ததா? இல்லை. அதே தம்பி பத்தாயிரம் டாலர் வாங்கும்போது பாருங்கள். இரண்டு சதவீதம் என்பது 18,000 ரூபாய். ஸ்விஃப்டிலோ இடைநிலை வங்கி எடுப்பது அதே 20 டாலர்தான். தொகை பெரிதாக இருந்தால் கிளையில் பேசி நல்ல விகிதம் கேட்கலாம், கேட்காமல் தரமாட்டார்கள். சந்தையைவிட 40 காசு மட்டும் குறைவாக, 89 ரூபாய் 60 காசுக்குக் கிடைத்தால், வரி, கட்டணம் எல்லாம் போய் ஏறக்குறைய 8,93,000 ரூபாய் கையில் வரும். மூன்றாவது வழியைவிடப் பதினோராயிரம் ரூபாய் அதிகம். சின்னத் தொகைக்குச் சதவீதக் கட்டணம் நல்லது, பெரிய தொகைக்கு நிலையான கட்டணம் நல்லது. வாரா வாரம் 250 டாலர் வாங்குபவர் ஸ்விஃப்டில் வாங்கினால் ஒவ்வொரு முறையும் அந்த 20 டாலரை இழப்பார். மாதம் ஒருமுறை சேர்த்து வாங்குவதே மேல்.

இனி, தாமதம். ஏ.சி.ஹெச். என்றால் ஓரிரு வேலைநாள், அதிகம் போனால் மூன்று. ஸ்விஃப்ட் ஒரே நாளிலும் வரும், ஒரு வாரமும் ஆகும். "அனுப்பிவிட்டேன்" என்பார் வாடிக்கையாளர், "வரவில்லை" என்பார்கள் வங்கியில். இருவர் சொல்வதும் உண்மையாக இருக்கலாம். அப்போது வாடிக்கையாளரிடம் பணம் அனுப்பியதற்கான ஸ்விஃப்ட் நகலைக் கேளுங்கள். வங்கிகள் அதை எம்.டி.103 என்று சொல்லிப் பழகியிருக்கின்றன. அதில் UETR என்று 36 எழுத்து நீளத்தில், நடுநடுவே கோடு போட்ட ஒரு எண் இருக்கும். அதை உங்கள் வங்கியிடம் கொடுத்தால் பணம் இப்போது எந்த வங்கியில் நிற்கிறது என்று பார்த்துச் சொல்ல முடியும். அந்த எண்ணையே அவரால் தர முடியவில்லை என்றால் பணம் அவருடைய வங்கியை விட்டே கிளம்பாமல் இருக்கலாம்.

அதே நகலில் கட்டணம் யாருடையது என்பதும் இருக்கும். OUR என்றால் அனுப்புபவர் ஏற்கிறார், SHA என்றால் இருவரும் பகிர்கிறார்கள், BEN என்றால் எல்லாம் நம் தலையில். 980 வந்ததே என்று வாடிக்கையாளரிடம் வருத்தப்படுவதற்கு முன் இதைப் பாருங்கள். SHA என்று இருந்தால் அவர் ஆயிரத்தை முழுதாகத்தான் அனுப்பியிருக்கிறார். OUR என்று போட்டும் சில நேரம் வழியில் பிடித்துவிடுவதுண்டு, ஆனால் அது குறைவு.

நான் அதிகம் பார்த்த தாமதம் வெளிநாட்டில் நடப்பதே இல்லை, நம் வங்கிக்குள்தான். பணம் வந்துவிட்டது, ஆனால் எதற்கான பணம் என்று நீங்கள் சொல்லும்வரை கணக்கில் வைக்கமாட்டார்கள். 'டிஸ்போசல் இன்ஸ்ட்ரக்ஷன்' கேட்டு ஒரு மின்னஞ்சல் வந்திருக்கும், அது விளம்பரங்களோடு விளம்பரமாகப் படிக்கப்படாமல் கிடக்கும். அதற்குப் பதிலாக இன்வாய்ஸ் நகலையும் நோக்கக் குறியீட்டையும் அனுப்ப வேண்டும். மென்பொருள் ஆலோசனைக்கு P0802, தொழில் மற்றும் நிர்வாக ஆலோசனைக்கு P1006. உங்கள் வேலைக்கு எது பொருந்தும் என்று முதல் தடவையே வங்கியில் கேட்டு முடிவு செய்துவிடுங்கள். அவசரத்தில் குடும்பப் பராமரிப்பு என்று ஏதாவது ஒரு குறியீட்டைப் போட்டுவிட்டால், ஏற்றுமதி வருமானம் என்று ஜி.எஸ்.டி.யில் காட்டும்போது சான்று பொருந்தாது. எந்த வழியில் வாங்கினாலும் அந்நியச் செலாவணி வரவுச் சான்றை, அதாவது எஃப்.ஐ.ஆர்.ஏ.வை, ஒவ்வொரு தொகைக்கும் எடுத்து இன்வாய்ஸோடு சேர்த்து வையுங்கள். சான்று தராத வழி ஐந்நூறு ரூபாய் மலிவாக இருந்தாலும் அதை எடுக்காதீர்கள்.

இதையெல்லாம் பேச வேண்டிய நேரம் வேலை முடிந்த பிறகு இல்லை, விலை சொல்லும் அன்றைக்கே. இன்வாய்ஸில் தொகைக்குக் கீழே "வங்கிக் கட்டணங்கள் அனைத்தும் அனுப்புபவருடையவை" என்று ஒரு வரி ஆங்கிலத்தில் சேர்த்து, வங்கியில் உங்கள் பெயர் எப்படி இருக்கிறதோ அதே எழுத்தில் பெயரையும், கணக்கு எண்ணையும், உங்கள் வங்கியின் ஸ்விஃப்ட் குறியீட்டையும் போடுங்கள். எல்லாக் கிளைக்கும் தனியாக ஸ்விஃப்ட் குறியீடு இருக்காது. உங்கள் கிளைக்கு எதைக் கொடுக்க வேண்டும் என்று மேலாளரிடம் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். நன்றி, வணக்கம்.