ஸ்பேனரைப் பிடித்த ஒரே விசை: புள்ளிப் பெருக்கல் ஒன்று, குறுக்குப் பெருக்கல் இன்னொன்று

[திரையில்: நம்மைப் பார்த்தபடி ஒரு நட். அதிலிருந்து வலப்பக்கமாக 20 செ.மீ. நீள ஸ்பேனர்.]

நட்டின் மையம்தான் ஆதிப்புள்ளி. வலப்பக்கம் x, மேல்நோக்கி y, திரையிலிருந்து நம்மை நோக்கி z. ஸ்பேனரின் நுனியில் 50 நியூட்டன் விசையோடு கை சாய்வாக இழுக்கிறது. அதைக் கூறுகளாகப் பிரித்தால் வலப்பக்கம் 30, மேல்நோக்கி 40.

[திரையில்: r = 0.2 i, F = 30 i + 40 j]

முதலில் வேலை. நுனி மேல்நோக்கி 1 செ.மீ. நகர்கிறது; d = 0.01 j. புள்ளிப் பெருக்கலில் i-யை i-யோடும் j-யை j-யோடும் மட்டும்தான் பெருக்க வேண்டும்.

[திரையில்: W = F · d = 30×0 + 40×0.01 = 0.4 J]

30 நியூட்டன் ஒரு ஜூல்கூட வேலை செய்யவில்லை, ஏனென்றால் அந்தத் திசையில் நகர்வே இல்லை. விடை வெறும் எண். அதற்குத் திசை கிடையாது.

அடுத்து திருப்பு விசை. இங்கே i × i பூச்சியம், i × j = k.

[திரையில்: τ = r × F = 0.2×40 k = 8 k N m]

மறுபடியும் 30 காணாமல் போகிறது. அது ஸ்பேனரின் நீளவாக்கிலேயே இழுக்கிறது, அதனால் எதையும் திருப்பாது. ஆக, இரண்டு கணக்கிலும் பயன்பட்டது அதே 40 நியூட்டன்தான்: அது r-க்குச் செங்குத்து, d-க்கு இணை.

k என்பது எந்தப் பக்கம்? வலக்கை விரல்களை நட்டிலிருந்து நுனியை நோக்கி நீட்டுங்கள். அப்படியே F பக்கமாக, மேல்நோக்கி மடக்குங்கள். கட்டைவிரல் திரையிலிருந்து உங்களை நோக்கி நிற்கும். வழக்கமான வலப்புரி நட் என்றால் அது இடஞ்சுழியாகத் திரும்பி, கட்டைவிரல் காட்டும் பக்கமாகவே வெளியே வரும். அதாவது நட் கழல்கிறது.

தேர்வில் தவறு நடக்கும் இடம் இதுதான். வலக்கையில் பேனா இருக்கும், அவசரத்தில் இடக்கையை மடக்கிப் பார்ப்பார்கள். விடை −8 k. F × r என்று வரிசையை மாற்றினாலும் அதே −8 k. r-ஐக் கையிலிருந்து நட்டுக்கு வரைந்தாலும் அப்படியே. மூன்றிலும் அளவு சரியாக இருப்பதால் பிழை கண்ணில் படாது. விடையைப் பார்த்ததும் "இந்த இழுப்பில் நட் எப்படிச் சுழலும்?" என்று கேளுங்கள்; குறி தப்பியிருந்தால் அங்கேயே தெரிந்துவிடும்.

நியூட்டன் மீட்டரும் ஜூலும் ஒன்றுதானே, 8 ஜூல் என்று எழுதலாமா? கூடாது. நட் துருப்பிடித்து அசையாமல் நின்றால் திருப்பு விசை 8, வேலை 0. சுழலும்போதுதான் வேலை வரும்.

[திரையில்: θ = 0.01 / 0.2 = 0.05 rad, τθ = 8×0.05 = 0.4 J]

புள்ளிப் பெருக்கலில் வந்த அதே 0.4. நகர்வு சிறியது என்பதால் வில்லை நேர்கோடாக எடுத்தோம். ஸ்பேனரைக் கால் சுற்றுத் திருப்பினால் d-யின் திசை நொடிக்கு நொடி மாறும். அப்போது F · d-யை ஒரே பெருக்கலில் முடிக்க முடியாது, சிறு சிறு துண்டுகளாகக் கூட்ட வேண்டும்.