‘எல்லா வேலையும் பாக்கணும்’ என்றால் என்ன வேலை?

நேயர்களுக்கு வணக்கம்.

ராயபுரம், தண்டையார்பேட்டை, வண்ணாரப்பேட்டைப் பக்கம் பி.காம். முடித்த பிள்ளைகள் முதலில் வேலை தேடிப் போகும் இடங்களில் ஒன்று பாரிமுனை. தம்புச் செட்டித் தெரு, லிங்கிச் செட்டித் தெரு, ராஜாஜி சாலை ஆகிய இடங்களில் மாடிக்கு மாடி, கப்பல் சரக்கைச் சுங்கத்தில் விடுவித்துத் தரும் கிளியரிங் ஆபீஸ், சரக்கை அனுப்பிவைக்கும் ஃபார்வர்டிங் ஆபீஸ் இருக்கின்றன. அந்த மாதிரி நிறுவனங்களுக்கு ஆள் எடுக்கும் வேலையில் பல வருஷம் இருந்திருக்கிறேன். ஒரு நிறுவனம் நம்மைப் பின்னால் எப்படி நடத்தும் என்பது, அது ஆள் எடுக்கும் விதத்திலேயே பெரும்பாலும் தெரிந்துவிடும். அது எப்படித் தெரியும் என்பதை, எனக்குத் தெரிந்த ஒரு பெண்ணின் அனுபவத்தை வைத்துச் சொல்கிறேன்.

அவர் ராயபுரத்துக்காரர். ஒரு சின்ன கிளியரிங் ஆபீஸில் டாக்குமென்டேஷன் பார்த்துக்கொண்டிருந்தார். கொஞ்சம் கூடுதல் சம்பளத்துக்காக வேறு இடம் தேடியபோது ஒரு விளம்பரம் கண்ணில் பட்டது. “ஆபரேஷன்ஸ் எக்ஸிக்யூட்டிவ் தேவை. அனுபவம் பூஜ்யம் முதல் 5 வருஷம். சம்பளம் 15,000 முதல் 30,000 வரை. எந்த வேலைக்கும் தயாராக இருக்க வேண்டும்.”

இந்த விளம்பரத்தை நிதானமாகப் படித்துப் பாருங்கள். நேற்றுக் காலேஜை முடித்தவரும் 5 வருஷம் வேலை பார்த்தவரும் ஒரே நாற்காலிக்கு எப்படிப் பொருந்துவார்கள்? சம்பளத்தின் மேல்வரம்பு கீழ்வரம்பைப் போல இரண்டு மடங்கு. இப்படி எழுதியிருந்தால், அந்த நாற்காலியில் யார் உட்கார வேண்டும் என்று அவர்கள் இன்னும் முடிவு செய்யவில்லை என்று அர்த்தம். அல்லது குறைந்த சம்பளத்துக்கு யார் வருகிறார்களோ அவர்களைப் போட்டுக்கொள்ளலாம் என்று இருக்கிறார்கள்.

அடுத்தது, ‘ஆபரேஷன்ஸ்’. கப்பல் சரக்குத் தொழிலில் இந்த ஒரு பெயருக்குள் நாலு வேலை ஒளிந்திருக்கிறது. ஒன்று, ஆபீஸில் உட்கார்ந்து செக்லிஸ்ட் என்ற முன்வரைவைத் தயாரித்து, சுங்கத்துறையிடம் இறக்குமதிக்கான பில் ஆஃப் என்ட்ரி, ஏற்றுமதிக்கான ஷிப்பிங் பில் ஃபைல் பண்ணுவது. இரண்டாவது, கஸ்டம் ஹவுஸுக்கும் கன்டெய்னர் யார்டுக்கும் அலைந்து, சரக்கைச் சோதிக்கும்போது பக்கத்தில் நின்று, வெளியே எடுத்துவருவது. மூன்றாவது, டிரெய்லர் பிடித்து, டிரைவர்களோடு ராத்திரியும் போனில் பேசிக்கொண்டிருப்பது. நாலாவது, வாடிக்கையாளரைக் கூப்பிட்டுப் பாக்கிப் பணம் கேட்பது. ஒவ்வொன்றுக்கும் வேலை நேரம் வேறு, தேவைப்படும் திறமை வேறு, அதில் கிடைக்கும் அனுபவத்துக்கு அடுத்த இடத்தில் இருக்கும் மதிப்பும் வேறு. டாக்குமென்டேஷன் தெரிந்த ஒருவரைப் பாக்கி வசூலில் இரண்டு வருஷம் உட்காரவைத்தால், கையில் இருந்த தொழில் மறந்துபோகும்.

அதனால் போனிலேயே கேளுங்கள் என்று அந்தப் பெண்ணிடம் சொன்னேன். “இந்த சீட்ல இதுக்கு முன்னாடி இருந்தவர் காலையில வந்ததும் முதல்ல என்ன வேலை சார் பாத்தாரு?” இதுதான் கேள்வி. ‘என் பொறுப்பு என்ன’ என்று பொதுவாகக் கேட்டால் பதிலும் பொதுவாகத்தான் வரும். காலையில் வந்ததும் என்ன செய்தார் என்று கேட்டால், வேலை தெரிந்தவர் உடனே சொல்லிவிடுவார். “மெயில் பாத்து, வந்த இன்வாய்ஸ், பேக்கிங் லிஸ்ட் எல்லாம் எடுத்து செக்லிஸ்ட் போடுவாரும்மா” என்பது மாதிரி பதில் வர வேண்டும். அந்தப் பெண்ணுக்குக் கிடைத்தது வேறு. “அப்படியெல்லாம் ஒண்ணும் இல்லம்மா. இங்க எல்லாரும் எல்லா வேலையும் பாக்கணும்.”

இங்கே ஒன்றைப் பிரித்துப் பார்க்க வேண்டும். அஞ்சு பேர் மட்டுமே இருக்கும் ஆபீஸில் ஒருவர் மூன்று வேலை பார்ப்பது சகஜம். அதில் தப்பில்லை, சீக்கிரம் தொழில் கற்றுக்கொள்ளவும் முடியும். ஆனால் அப்படிப்பட்ட முதலாளி அந்த மூன்றையும் வரிசையாகச் சொல்வார். “காலையில் ஃபைலிங், மத்தியானம் யார்டு, வாரத்தில் இரண்டு நாள் கலெக்‌ஷன்” என்பார். வேலை பலவாக இருப்பது பிரச்சினை இல்லை. என்ன வேலை என்று அவர்களுக்கே சொல்லத் தெரியாததுதான் பிரச்சினை. வெளிவேலையும் உண்டு என்றால் இன்னொரு கேள்வியைக் கூடவே கேட்கலாம்: “எனக்கு கஸ்டம்ஸ் கார்டு போட்டுத் தருவீங்களா?” கிளியரிங் ஆபீஸ் தன் ஆளுக்குச் சுங்கத்துறையிடம் வாங்கித் தரும் அடையாள அட்டை அது. ஜி கார்டு, எச் கார்டு என்பார்கள். இதற்கு மழுப்பலான பதில் வந்தால், அவர்கள் உங்களை அந்த வேலையில் நிலையாக வைத்துக்கொள்ளும் யோசனையில் இல்லை.

இனி இன்டர்வியூ தேதிக்கு வருவோம். முதலில் செவ்வாய்க்கிழமை 11 மணி என்றார்கள். அன்று காலையிலேயே போன் பண்ணி, “சார் ஹார்பர்ல இருக்காரு, வியாழக்கிழமை வாங்க” என்றார்கள். இதை நான் குறையாகச் சொல்லவே மாட்டேன். கப்பல் தள்ளிப்போகும், யார்டில் சரக்கு மாட்டிக்கொள்ளும், மார்ச் கடைசியில் ஆபீஸே தலைகீழாக இருக்கும். முன்கூட்டியே சொன்னார்கள், காரணம் சொன்னார்கள், வேறு தேதியும் கொடுத்தார்கள்.

வியாழக்கிழமை அரை நாள் லீவு போட்டுவிட்டுப் போனார். ஒன்றரை மணி நேரம் வரவேற்பறையில் உட்காரவைத்துவிட்டு, சனிக்கிழமை வரச் சொன்னார்கள். கவனிக்க வேண்டியது இதைத்தான். தேதி எத்தனை தடவை மாறியது என்பதைவிட, மாறியதால் நஷ்டம் யாருக்கு என்று பாருங்கள். வீட்டில் இருக்கும்போதே சொன்னால் உங்களுக்குப் பெரிய நஷ்டம் இல்லை. லீவு போட்டு, வந்து, காத்திருந்த பிறகு சொல்கிறார்கள் என்றால், உங்கள் நேரத்துக்கு அவர்கள் கணக்கில் விலையே இல்லை.

அப்படி நடந்தால் கோபப்பட வேண்டாம். ஒரு சின்ன மெசேஜ் போடுங்கள். “சார், இன்னொரு நாள் லீவு கிடைக்காது. முதல் ரவுண்டை சாயங்காலம் 6 மணிக்கு மேல போன்ல வெச்சுக்கலாமா?” உண்மையிலேயே ஆள் தேவைப்படும் இடம் என்றால் இதற்குச் சம்மதிக்கும், அல்லது வேறு வழி சொல்லும். அந்தப் பெண் அனுப்பிய மெசேஜுக்கு வந்த பதில், “இன்ட்ரஸ்ட் இருந்தா வாங்க.”

சனிக்கிழமை போனார். உள்ளே இருந்தவர் கேட்ட முதல் கேள்வி: “எந்த போஸ்ட்டுக்கு வந்திருக்கீங்க?” வரச் சொன்னவருக்கும் பேசுகிறவருக்கும் நடுவில் அவருடைய பயோடேட்டாகூட கை மாறவில்லை. எங்கள் அனுபவத்தில், இப்படி இழுத்தடிக்கப்படும் பணியிடங்கள் பெரும்பாலும் இரண்டு வகை. ஒன்று, அந்த இடத்துக்கு மேலிடம் இன்னும் சம்மதம் தரவில்லை. இன்னொன்று, வேறொருவருக்கு வேலை கொடுத்துவிட்டு, அவர் வராமல் போனால் கைவசம் இருக்கட்டும் என்று உங்களைக் காத்திருக்க வைக்கிறார்கள். இரண்டாவது வகைக்கு ஓர் அடையாளம் உண்டு. வாரக்கணக்கில் சத்தமே இருக்காது, திடீரென்று ஒருநாள் போன் வரும்: “நாளைக்கே ஜாயின் பண்ணுங்க.”

அந்த இன்டர்வியூ எப்படி நடந்தது என்பதையும் சொல்ல வேண்டும். கடுமையான கேள்வி வேறு, அவமரியாதை வேறு. ‘இன்வாய்ஸில் எஃப்.ஓ.பி., அதாவது கப்பலில் ஏற்றும் வரைக்குமான மதிப்பு மட்டும் இருக்கிறது, இன்ஷூரன்ஸ் தொகை தெரியாது, என்ன போடுவீர்கள்’ என்று ஒருவர் முகத்தைக் கடுகடுப்பாக வைத்துக்கொண்டு கேட்கலாம். 1.125 சதவீதம் என்று சொன்னால், ‘எதன் மேல்?’ என்று மடக்கலாம். அது தொழில். அப்படிக் கேட்பவரிடம் வேலை கற்றுக்கொள்ள முடியும்.

சனிக்கிழமை உள்ளே இருந்தவரிடமிருந்து தொழில் பற்றி ஒரு கேள்வியும் வரவில்லை. பயோடேட்டாவில் விலாசத்தைப் பார்த்துவிட்டு, “ராயபுரமா? காசிமேடு பக்கமா? அங்கிருந்து வர்றவங்க ஒழுங்கா ஆபீஸ் வருவாங்களா?” என்றாராம். அடுத்தது, “கல்யாணம் எப்போ? ஆயிட்டா நின்னுடுவீங்களே.” நடுவில் ஃபைல் கொண்டுவந்த பெண்ணை, வெளியாள் முன்னால், வேறு ஃபைலை எடுத்துவந்ததற்காகக் கத்தியிருக்கிறார்.

வியாசர்பாடி, காசிமேடு, புளியந்தோப்பு என்று விலாசம் இருந்தாலே இந்தக் கேள்வியைச் சந்தித்தவர்கள் இதைக் கேட்டுக்கொண்டிருப்பீர்கள். வாயை மூடிக்கொண்டு போக வேண்டியதில்லை. “வீட்டிலிருந்து ஆபீஸ் வர எனக்கு இருபது நிமிஷம் சார், இப்ப இருக்கற ஆபீஸ்ல என் அட்டெண்டன்ஸை நீங்க விசாரிக்கலாம்” என்று நிதானமாகச் சொல்லுங்கள். அதற்குப் பிறகு அவர் முகமும் பேச்சும் மாறுகிறதா என்று பாருங்கள். கேட்டவர் யார் என்பதும் முக்கியம். தினமும் நீங்கள் பதில் சொல்ல வேண்டிய மேலாளரே அவர் என்றால், நாளைக்கு அந்த ஃபைலோடு நிற்கப்போவது நீங்கள்தான். ஒரு நாள் மட்டும் பார்க்கிற ஹெச்.ஆர். என்றால், மேலாளரையும் ஒருமுறை சந்திக்க வேண்டும் என்று கேளுங்கள்.

அந்த ஆபீஸ் எப்படிப்பட்டது என்று வெளியில் விசாரிக்கவும் வழி உண்டு. மதியம் ஒரு மணிக்கு அந்தக் கட்டடத்துக்குக் கீழே இருக்கும் டீக்கடையில் நின்றால், அங்கே வேலை பார்ப்பவர்களைப் பார்க்கலாம். சம்பளம் தேதிக்கு வருகிறதா, ஆபரேஷன்ஸில் ஆள் எவ்வளவு நாள் நிற்கிறார்கள் என்ற இரண்டு கேள்வி போதும். பி.எஃப். பிடிக்கிறார்கள் என்று சொன்னால், வருங்கால வைப்பு நிதி அலுவலகத்தின் இணையதளத்தில் நிறுவனத்தின் பெயரைப் போட்டுத் தேடலாம்.

பத்து நாள் கழித்து, ராத்திரி ஏழு மணிக்கு அந்தப் பெண்ணுக்குப் போன் வந்தது. திங்கட்கிழமையே சேர வேண்டும், ஆஃபர் லெட்டர் மூன்று மாசம் கழித்து, டிகிரி ஒரிஜினலைக் கொண்டுவந்து ஆபீஸில் கொடுத்துவிட வேண்டும். “பதவி, சம்பளம், நோட்டீஸ் பீரியட் மூணையும் ஒரு மெயில்ல போடுங்க சார், பாத்துட்டுச் சொல்றேன்” என்றார். மெயில் வரவே இல்லை. அவரும் போகவில்லை. பழைய ஆபீஸிலேயே இருந்துகொண்டு இன்னும் சில மாசம் தேடினார். இப்போது மணலி பக்கம் ஒரு கன்டெய்னர் யார்டில் இருக்கிறார். அங்கேயும் இன்டர்வியூ ஒருமுறை தள்ளிப்போனது. ஆனால் முந்தின நாள் சாயங்காலமே சொன்னார்கள், என்ன வேலை என்று ஒரு பக்கத்தில் எழுதியும் அனுப்பினார்கள்.

எல்லாராலும் இப்படிக் காத்திருக்க முடியாது. வாடகை பாக்கி இருக்கும், வீட்டில் ஒரே சம்பளமாக இருக்கும். அப்படியென்றால் சேருங்கள், யாரும் உங்களைக் குறை சொல்ல முடியாது. சேர்ந்த பிறகும் தேடுவதை நிறுத்தாதீர்கள். ஒரிஜினல் சான்றிதழைச் சரிபார்க்கக் காட்டலாம், அங்கேயே விட்டுவிட்டு வரக் கூடாது, அட்டெஸ்ட் பண்ணின நகல் போதும். ட்ரெய்னிங் கட்டணம், டெபாசிட் என்று எந்தப் பெயரிலும் பணம் கட்டாதீர்கள். சம்பளம் எவ்வளவு என்று வாயால் சொல்லியிருந்தால், அன்றைக்கே “நீங்கள் சொன்னபடி மாதம் இவ்வளவு, இந்த வேலை, இந்தத் தேதியிலிருந்து” என்று நீங்களே அவர்களுக்கு ஒரு மெசேஜ் அனுப்பி, அதை அழிக்காமல் வைத்துக்கொள்ளுங்கள்.

நன்றி, வணக்கம்.