மோட்டார் பேரிங்குக்கு எத்தனை பம்ப் கிரீஸ்?

நேயர்களுக்கு வணக்கம். கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், சித்தூர் பக்கம் அரிசி ஆலையில் வேலை பார்ப்பவர்கள், கஞ்சிக்கோடு கம்பெனிகளில் மெயின்டனன்ஸ் பார்ப்பவர்கள், தோட்டத்தில் மோட்டார் வைத்திருப்பவர்கள் எல்லாரும் இதைக் கேட்டுக்கொண்டிருப்பீர்கள் என்று நினைத்துப் பேசுகிறேன். மோட்டார் பேரிங்குக்கு எவ்வளவு கிரீஸ், எத்தனை நாளுக்கு ஒருமுறை, அதுதான் இன்றைய பேச்சு. நேரம் மிஞ்சினால் கியர் ஆயிலுக்கும் வருகிறேன்.

"மாசம் ஒரு தடவை ரெண்டு பம்ப் அடிங்க அண்ணே" என்பதுதான் பல ஆலைகளில் நடைமுறை. மோட்டார் 5 குதிரைத் திறனா, 50 குதிரைத் திறனா என்ற கேள்வியே கிடையாது. எல்லாவற்றுக்கும் ரெண்டு பம்ப். சில இடங்களில் இதற்கு நேர்மாறு. பேரிங் சத்தம் போட்டால் சத்தம் அடங்கும்வரை அடிப்பார்கள்.

ஒரு மோட்டாரை எடுத்துக்கொண்டு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஆலையில் பாலிஷரை ஓட்டுகிற 40 குதிரைத் திறன் மோட்டார், நிமிடத்துக்கு 1470 சுற்று. நேம் பிளேட்டில் பேரிங் நம்பர் 6312 என்று இருக்கிறது. கடைசி இரண்டு இலக்கமான 12-ஐ 5-ஆல் பெருக்கினால் 60. அதுதான் ஷாஃப்ட் நுழைகிற உள் விட்டம், மில்லிமீட்டரில். இந்த பேரிங்கின் வெளி விட்டம் 130, அகலம் 31 மில்லிமீட்டர். பேரிங் விற்கிற கடையில் கேட்டால் கேட்டலாக்கைப் பார்த்துச் சொல்லிவிடுவார்கள். நம்பருக்குப் பின்னால் ZZ, 2RS என்று இருந்து, மோட்டாரில் நிப்பிளும் இல்லாவிட்டால் அது மூடிய பேரிங். அதற்கு வெளியிலிருந்து கிரீஸ் போகாது, தேய்ந்தால் மாற்ற வேண்டியதுதான்.

அளவுக் கணக்கு சுலபம். வெளி விட்டத்தை அகலத்தால் பெருக்கி, 0.005-ஆல் பெருக்குங்கள். 130-ஐ 31-ஆல் பெருக்கினால் 4030. அதில் ஆயிரத்தில் ஐந்து பங்கு என்றால் 20 கிராம் சொச்சம். ஒரு தடவைக்கு, ஒரு பேரிங்குக்கு, 20 கிராம்.

இந்த 20 கிராம் எத்தனை பம்ப்? இதைத்தான் நான் எங்கே போனாலும் விடாமல் சொல்வது. உங்கள் கிரீஸ் கன் ஒரு பம்புக்கு எவ்வளவு தள்ளுகிறது என்று எடை போட்டுப் பாருங்கள். ஒரு கன் 1 கிராமுக்கும் குறைவாகத் தள்ளும், இன்னொன்று 2 கிராம் தள்ளும். பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும். ஒரு பிளாஸ்டிக் கவரை சின்ன டிஜிட்டல் தராசில் வைத்து, கவரின் எடையைக் கழித்துவிட்டு, முழுதாகப் பத்து பம்ப் அதில் அடியுங்கள். 12 கிராம் காட்டினால் ஒரு பம்புக்கு 1.2 கிராம். நம்முடைய 20 கிராமுக்கு 17 பம்ப். ரெண்டு பம்ப் என்றால் இரண்டரை கிராம்கூட ஆகவில்லை, பாருங்கள். அந்த எண்ணை கன் மேலேயே பெயின்டால் எழுதிவிடுங்கள். கன் மாறினாலும் கிரீஸ் மாறினாலும் மறுபடி எடை போட வேண்டும்.

அடுத்தது, எத்தனை மணி நேரத்துக்கு ஒருமுறை. பேப்பர் இருந்தால் குறித்துக்கொள்ளுங்கள், மெதுவாகவே சொல்கிறேன். உள் விட்டம் 60, அதன் வர்க்கமூலம் 7.75. அதைச் சுற்று வேகம் 1470-ஆல் பெருக்கினால் 11,400 அளவில் வரும். 1 கோடியே 40 லட்சத்தை இதனால் வகுத்தால் சுமார் 1230. அதிலிருந்து உள் விட்டத்தின் நான்கு மடங்கை, அதாவது 240-ஐக் கழித்தால் 990. பால் பேரிங் என்பதால் அதைப் பத்தால் பெருக்க வேண்டும், 9,900 மணி நேரம். சிலிண்ட்ரிகல் ரோலர் பேரிங்காக இருந்தால் பத்துக்குப் பதில் ஐந்து.

9,900 மணி நேரம் என்பது சுத்தமான, குளிர்ச்சியான, ஈரமில்லாத இடத்துக்கு. நம் ஆலை அப்படி இல்லையே! அதனால் குறைத்துக்கொண்டே வர வேண்டும். பேரிங் 65 டிகிரிக்கு மேல், 80-க்குள் சூடானால் பாதி. 80-ஐத் தாண்டினால் ஐந்தில் ஒரு பங்குதான். நம்முடையது 75 என்று வைத்துக்கொண்டால் 4,950. அடுத்து தூசி. மாவுத் தூசி மாதிரி மென்மையானது நிறைய இருந்தால் 0.7 போடலாம். உமித் தூசி அப்படியல்ல, உமியில் சிலிக்கா இருக்கிறது, அது இரும்பை அறுக்கும். அதற்கு 0.4 போடுங்கள், 1,980 ஆகிறது. பிறகு ஈரம். இடவப்பாதி மழையில் காற்றின் ஈரப்பதம் 80 சதவீதத்துக்கு மேல் நிற்கும், அதற்கு 0.7. கடைசியில் நிற்பது சுமார் 1,390 மணி நேரம். தினம் 16 மணி நேரம் ஓடினால் 86 நாள், கிட்டத்தட்ட பன்னிரண்டு வாரம்.

ஆக, பன்னிரண்டு வாரத்துக்கு ஒருமுறை 17 பம்ப். மோட்டார் செங்குத்தாக நின்றால் இதிலும் மூன்றில் ஒரு பங்கு நாள்தான்.

போடும் முறைக்கு வருவோம். நிப்பிளைத் துணியால் துடைத்துவிட்டு கன்னை மாட்டுங்கள். இல்லாவிட்டால் அதன் மேல் ஒட்டியிருக்கும் உமித்தூள்தான் முதலில் உள்ளே போகும். கீழேயுள்ள ட்ரெயின் பிளக்கைக் கழற்றி, அந்த வழியில் காய்ந்து கட்டியாகியிருக்கும் பழைய கிரீஸைக் குச்சியால் எடுத்துவிடுங்கள். சுற்றுகிற பாகங்களுக்குப் பக்கத்தில் கை போகாது என்றால் மட்டும், மோட்டார் ஓடும்போதே மெதுவாக அடியுங்கள். அடித்த பிறகு அரை மணி நேரம் பிளக் திறந்தபடியே ஓடட்டும், மிச்சம் வெளியே வரும். அதன் பிறகு மூடுங்கள்.

ட்ரெயின் அடைத்திருக்கும்போது கிரீஸைத் திணித்தால் அது எங்கே போகும்? ஷாஃப்டை ஒட்டிய இடைவெளி வழியே உள்ளே, வைண்டிங் மேல் போகும். ரீவைண்டிங் கடையில் பிரித்துப் பார்த்தால் காயில் மேல் கிரீஸும் உமியும் சேர்ந்து கறுப்பாகப் படிந்திருக்கும். பேரிங்குக்குள்ளும் கிரீஸ் நிரம்பி வழிந்தால் உருண்டைகள் அதைக் கடைந்துகொண்டே இருக்கும், அதனால் சூடு ஏறும். புதிதாக கிரீஸ் போட்டதும் சூடு கொஞ்சம் ஏறுவது இயல்பு, சில மணி நேரத்தில் இறங்க வேண்டும். மறுநாளும் இறங்கவில்லை என்றால் அளவு கூடிவிட்டது.

இன்னொன்று, கிரீஸைக் கலக்காதீர்கள். பல மோட்டார்கள் பாலியூரியா கிரீஸோடு வருகின்றன, நம் டப்பாவில் இருப்பது பெரும்பாலும் லித்தியம். ஒத்துப்போகாதவை சேர்ந்தால் இளகி ஒழுகிவிடும், இல்லை இறுகிவிடும். மோட்டார் பிளேட்டில் கிரீஸ் பெயர் போட்டிருந்தால் அதையே வாங்குங்கள்.

நேரம் நெருங்கிவிட்டது என்று கை காட்டுகிறார்கள். கியர் ஆயிலைச் சுருக்கமாகவே சொல்ல முடிகிறது. டப்பாவில் VG 220, VG 320 என்று இருக்கும் எண், 40 டிகிரியில் ஆயிலின் கெட்டித்தன்மை. கியர்பாக்ஸ் 80 டிகிரியில் ஓடினால் 320 ஆயில் ஏறக்குறைய ஏழில் ஒரு பங்காக நீர்த்துவிடும். அதனால் பெட்டியின் பிளேட்டில் இருவேறு வெப்பத்துக்கு இருவேறு எண் போட்டிருந்தால், நம் ஊர் மேடக் கோடையைப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். 220-லிருந்து 320-க்குப் போவது ஏழெட்டு டிகிரி சூட்டைத்தான் ஈடுகட்டும். அதற்கு மேல் கெட்டியாகப் போட்டால் ஆயிலைக் கடைவதிலேயே சூடு ஏறும். எலிவேட்டரில் இருக்கும் ஹெலிக்கல் பெட்டிக்குப் பெரும்பாலும் 220 அல்லது 320. வேர்ம் கியருக்கு 460 வரை போகும், அதன் பல்சக்கரம் வெண்கலம் என்பதால் கந்தகம் கலந்த இ.பி. ஆயிலைக் கேட்காமல் ஊற்றாதீர்கள், சூட்டில் அது வெண்கலத்தை அரிக்கும். நன்றி, வணக்கம்.