‘ஏலாது’ என்பதற்கு முன் ஒரு தாள்

“முகாமையாளர் இன்னொரு புரொஜெக்டையும் பார் என்றால், வேலைக்கு மனமில்லாதவர் என்ற பேர் வாங்காமல் மறுக்க முடியுமா?” என்று கேட்டார் நடுவர்.

நடுவர் அவர்களே, மட்டக்களப்பு மண்ணின் அவையோரே, வணக்கம். முடியும் என்ற அணியில் நிற்கிறேன்.

எதிரணித் தம்பி, “ஒருதரம் மறுத்தால் பிறகு எதற்கும் கூப்பிடமாட்டார்கள்” என்றார். பாதி சரி. காரணம் காட்டாமல் மறுத்தவருக்கு அது நடக்கும். அடுத்து வந்த அண்ணன் தனக்கு லீவு கிடைக்காத கதையைச் சொன்னார். அந்த வருத்தம் விளங்குகிறது. ஆனால் அங்கே மறுத்தவர் முகாமையாளர்.

எங்கள் அலுவலகத்தில் ஒரு அக்கா, கள உத்தியோகத்தர். படுவான்கரையில் 12 ஊர்களின் மகளிர் சேமிப்புக் குழுக்கள் அவர் பொறுப்பு. செப்டெம்பர் கடைசியில் சேர் கூப்பிட்டு, “வாகரைக் கிணற்றுக் கணக்கெடுப்பையும் நீங்களே எடுங்கோ” என்றார். அக்கா ஓம் என்றும் சொல்லவில்லை, ஏலாது என்றும் சொல்லவில்லை. “எப்ப முடியவேணும் சேர்? களத்தில எத்தனை நாள்?” என்றார். ஒக்டோபருக்குள், 7 நாள் என்றார் சேர். “நாளைக்குக் கணக்கோட வாறன் சேர்.”

மறுநாள் மேசையில் ஒரு தாளை வைத்தார். போயா போக 21 வேலைநாள். ஊருக்கு ஒரு நாளாக 12, காலாண்டு அறிக்கைக்கு 5, பயிற்சிக்கு 2. மிச்சம் 2 நாள். வாகரைக்கு 5 நாள் குறைகிறது. “அந்த 2 நாளில கேள்விப் படிவத்தையும் கிணற்றுப் பட்டியலையும் நான் செய்து தாறன். முழுசா நான்தான் எடுக்கவேணுமெண்டா 5 ஊரை நவம்பருக்குத் தள்ளவேணும். மழை தொடங்கினா சில ஊருக்குள்ள போகேலாது. எதைத் தள்ளுறது எண்டு நீங்க சொல்லுங்கோ சேர்.”

கவனியுங்கள், களைப்பு, வீடு, பிள்ளை எதுவும் அந்தப் பேச்சில் இல்லை. அவையும் உண்மைதான்; ஆனால் அவற்றைச் சொன்னால் பேச்சு ஆளைப் பற்றியதாகிவிடும். நாள்கணக்கைச் சொன்னால் அது வேலையைப் பற்றியதாகவே நிற்கும். “பாப்பம் சேர்” என்று மட்டும் சொல்லி வந்திருந்தால் சேரின் காதில் அது ஓம் என்றே விழுந்திருக்கும்.

பதிலையும் கவனிக்க வேண்டும். “எந்த 5 ஊர்?” என்று கேட்டால் கணக்கு அவர் மனதில் ஏறிவிட்டது. “எப்படியாவது பாருங்கோ” என்றால் ஏறவில்லை. அன்றைக்கே, எது பிந்தும் என்பதை ஈமெயிலில் எழுதிவிட வேண்டும்.

கொழும்புத் தலைமையகமே பேர் குறித்து அனுப்பினால்? அந்த இடத்தில் இந்தத் தாள் எவ்வளவு தூரம் எடுபடும் என்பதில் எதிரணியோடு எனக்குப் பெரிய சண்டை இல்லை.

அக்காவின் விஷயத்தில் சேர் “எந்த ஊர்?” என்றுதான் கேட்டார். படிவம் அக்காவிடம் வந்தது, களப்பயணம் இன்னொருவருக்குப் போனது. அந்தத் தாளைச் சேர் திருப்பிக் கொடுக்கவில்லை. அடுத்த மாதம் எங்கள் எல்லோரிடமும் அப்படி ஒன்று கேட்டார்.