மே மாதச் சம்பளமும் ஜனவரி மாதத் தவணையும்: ஒரு கடன் விண்ணப்பத்தைச் சரிபார்ப்போம்

வணக்கம் எல்லாருக்கும். இங்கே திருகோணமலையில் நான் கடன் பிரிவில் வேலை செய்வது உங்களில் பலருக்குத் தெரியும். "ஃபோமில் எல்லாம் எழுதிக் கொடுத்தேனே, பிறகு ஏன் இத்தனை கேள்வி?" என்று கொமன்ட்டில் ஒரு அக்கா கேட்டிருந்தார். சரி, ஒரு விண்ணப்பத்தை எடுத்தே காட்டுகிறேன். ஆள் யாரென்று தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

நிலாவெளிப் பக்கம் ஹோட்டலில் வேலை செய்யும் ஒரு தம்பி. மாத வருமானம் 145,000 ரூபாய் என்று எழுதியிருந்தார். இருக்கிற கடன் என்ற இடத்தில் ஆட்டோ லீசிங் ஒன்று, மாதம் 18,500. எங்களிடம் கேட்ட கடனுக்குத் தவணை 28,000 வரும்.

முதலில் சம்பளப் பட்டியலில் ஈ.பி.எஃப். கழிவைப் பார்ப்பேன். ஊழியரின் பங்கு 8 சதவீதம். இவருக்கு 4,960 கழித்திருந்தார்கள், அப்படியென்றால் நிலையான சம்பளம் 62,000. பட்டியலில் இருந்ததும் அதேதான், பொய் இல்லை. மீதியெல்லாம் சேர்விஸ் சார்ஜ்.

சிக்கல் அங்கேதான். அவர் கொடுத்த வங்கிக் கூற்று மே முதல் செப்டம்பர் வரைக்கும்தான். நம்ம ஊர்க் கடலில் சீசன் எப்போது என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. அந்த ஐந்து மாதமும் கணக்கில் 145,000 அளவில்தான் விழுந்திருந்தது. ஒரு முழு வருடக் கூற்றைக் கேட்டு வாங்கினேன். மழை தொடங்கி ஹோட்டல் வெறிச்சோடும் மாதங்களில் 70,000 அளவுதான். சராசரி போட்டால் ஒரு இலட்சத்துக்குக் கொஞ்சம் மேலே வரும். ஆனால் நான் சராசரியை நம்புவதில்லை. ஜனவரித் தவணையை ஜனவரிச் சம்பளத்தில்தானே கட்ட வேண்டும்?

அப்புறம் கிரிப் ரிப்போட். அதாவது இலங்கைக் கடன் தகவல் பணியகம் தருகிற அறிக்கை. பழைய அடையாள அட்டை இலக்கம், புதிய 12 இலக்க எண் இரண்டையும் போட்டுத் தேடுவது என் பழக்கம். ஒன்றோடு நிறுத்தினால் பழைய கடன் ஏதாவது தப்பிவிடலாம். லீசிங் இருந்தது, நிலுவை இல்லை, நல்ல பெயர். வேறு கடன் எதுவும் இல்லை.

இந்த இடத்தில்தான் பலர் ரிப்போட்டை மூடிவிடுவார்கள். நான் கடைசிப் பகுதியையும் பார்ப்பேன். யார் யார் இவரைப் பற்றி விசாரித்தார்கள் என்று திகதியோடு அங்கே இருக்கும். முந்தைய மாதக் கடைசியில் இன்னொரு கடன் நிறுவனம் விசாரித்திருந்தது. விசாரித்தால் கடன் கொடுத்துவிட்டார்கள் என்று அர்த்தமில்லை, மறுத்தும் இருக்கலாம். ஆனால் கொடுத்திருந்தால், அது ரிப்போட்டில் ஏறக் கொஞ்ச நாள் எடுக்கும், ஏனென்றால் நிறுவனங்கள் தகவலை உடனுக்குடன் அனுப்புவதில்லை. அந்த இடைவெளியை வங்கிக் கூற்றில்தான் பிடிக்க வேண்டும்.

அந்தத் திகதிக்குப் பிறகு வந்த வரவுகளை ஒவ்வொன்றாகப் பார்த்தேன். 9ஆம் திகதி 300,000 உள்ளே வந்து, இரண்டு நாளில் முழுதும் வெளியே போயிருந்தது. சம்பளமில்லை, சேர்விஸ் சார்ஜும் இல்லை. கூப்பிட்டு நேராகவே கேட்டேன், "தம்பி, இந்த மூன்று இலட்சம் என்ன?" கொஞ்சம் தயங்கினார். "அக்காவின் கலியாணச் செலவுக்கு எடுத்தது, இன்னும் முதல் தவணை கட்டவில்லை, அதனால் எழுதவில்லை" என்றார். தவணை 14,200. ஏமாற்ற நினைத்தார் என்று நான் சொல்லமாட்டேன். கட்டத் தொடங்காத கடனைக் கடனாக நினைக்காதவர்கள் நிறையப் பேர்.

இப்போது கூட்டுங்கள். லீசிங் 18,500, கலியாணக் கடன் 14,200, எங்களது 28,000. மொத்தம் 60,700. சீசன் மாதத்தில் வருமானத்தில் நூற்றுக்கு 42 பங்குதான், தாராளமாகக் கட்டலாம். ஜனவரியில் 70,000த்தில் 60,700 போனால் கையில் 9,300. அதில் வீடு நடத்த முடியுமா?

பரிந்துரைக்கும் ஆட்கள் பற்றி ஒன்று. ஹோட்டல் மேலாளர் என்று ஒரு மொபைல் இலக்கம் கொடுத்திருந்தார். கொடுத்த இலக்கத்துக்கு நான் முதலில் எடுப்பதில்லை. ஹோட்டலின் பொது இலக்கத்தை நானே தேடி எடுத்து, அங்கிருந்து அவரிடம் இணைக்கச் சொல்வேன். மேலாளர் உண்மையானவர்தான், வேலையில் சேர்ந்த வருடமும் சரியாக இருந்தது. "சம்பளம் இவ்வளவுதானே" என்று நானே தொகையைச் சொல்லிக் கேட்கமாட்டேன், அவராகச் சொல்லவேண்டும். தொகையைச் சொல்லிக் கேட்டால் யாரும் "ஓம் ஓம்" என்றுதான் சொல்வார்கள்.

கடைசியில் கேட்டதில் பாதித் தொகைக்குத்தான், அதுவும் கொஞ்சம் நீண்ட காலத்துக்கு, நான் பரிந்துரை எழுதினேன். தவணை 11,000க்குள் வருகிற மாதிரி. தம்பிக்கு முகம் வாடியதுதான், இரண்டு நாள் கழித்து வந்து கையெழுத்துப் போட்டார். பிணை நிற்கிறவர்களின் ரிப்போட்டை எப்படிப் பார்ப்பது என்றும் கேட்டிருந்தீர்கள், அதற்குத் தனி வீடியோ போடுகிறேன்.