புதன் மூன்று முறை தொடும் பாகை

(சுங்கை சிப்புட்டில் ஒரு கோயில் மண்டபத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

பெரியவர்களுக்கும், வேலை முடிந்த கையோடு வந்திருக்கும் தம்பிமார்களுக்கும் வணக்கம்.

புதன் பின்னோக்கிப் போவதுபோல் தெரியும் வக்ரம் தொடங்கினால் போதும், "கையெழுத்துப் போடாதே, பயணம் போகாதே" என்று வாட்ஸ்அப்பில் செய்தி வந்து குவிகிறது. ஆண்டுக்குப் பெரும்பாலும் மூன்று தடவை, ஒவ்வொன்றும் மூன்று வாரம். அத்தனை நாளும் எல்லாரும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார முடியுமா? உங்கள் ஜாதகத்தில் எந்தக் கிரகத்தை அது தொடுகிறது என்பதுதான் கேள்வி.

புதன் உண்மையில் பின்னால் போவதில்லை. நாம் போகும் பஸ் பக்கத்து லாரியை முந்தும்போது லாரி பின்வாங்குவது போலத் தெரியுமே, அந்த மாதிரி ஒரு தோற்றம். இங்கே முந்துவது புதன், பார்ப்பது நாம். அதனால் வானத்தின் ஒரு சிறு துண்டை அது மூன்று முறை கடக்கிறது: போகும்போது, திரும்பும்போது, மறுபடி போகும்போது. நீங்கள் பிறந்தபோது ஒரு கிரகம் அந்தத் துண்டுக்குள் இருந்திருந்தால் அதற்கு மூன்று தொடுதல். இல்லையென்றால் ஒன்றே ஒன்று. அதற்குப் பயப்பட ஒன்றுமில்லை.

2025 மார்ச் 15 முதல் ஏப்ரல் 7 வரை நடந்த வக்ரத்தை எடுத்துக்கொள்வோம். திருக்கணிதப் பஞ்சாங்கப்படி மீனத்தில் ஏறக்குறைய பதினைந்தரைப் பாகையிலிருந்து இரண்டரைப் பாகைவரை புதன் பின்வாங்கியது. 1967 மார்ச் மூன்றாம் வாரத்தில் பிறந்த ஒருவர், மேஷ லக்னம் என்று வைப்போம். அவருக்குச் சனி மீனத்தில் 9 பாகையில், உத்திரட்டாதி இரண்டாம் பாதத்தில் இருக்கும். புதன் அந்தச் சனியை மார்ச் 6 வாக்கில் ஒரு முறை, 26 வாக்கில் வக்ரத்தில் ஒரு முறை, ஏப்ரல் 19 வாக்கில் கடைசியாக ஒரு முறை தொட்டது.

இனிப் பலன். மேஷ லக்னத்துக்குப் புதன் மூன்றாம் வீட்டுக்கும் ஆறாம் வீட்டுக்கும் அதிபதி: பத்திரம், குறும்பயணம், கடன். சனி பத்துக்கும் பதினொன்றுக்கும் உரியவர்: தொழில், பழைய கூட்டாளி, அண்ணன். இருவரும் சேர்வது பன்னிரண்டில், அதாவது செலவும் தூர தேசமும். நான் இதை எப்படிப் படிப்பேன் தெரியுமா? தோட்டத்தில் ஒன்றாக வேலை பார்த்து, இப்போது கிள்ளானில் இருக்கும் பழைய ஆள் ஒருவர் மார்ச் முதல் வாரத்தில் கூப்பிடுவார். நலம் விசாரித்துவிட்டு, "லாரி லோனுக்கு ஜாமீன் நிற்பாயா?" என்பார். முதல் தொடுதலில் பேச்சு கிளம்புகிறது. இரண்டாவதில் தாள் திரும்பி வருகிறது: அடையாள அட்டை எண்ணில் பிழை, அல்லது முன்பு சொல்லாத ஒரு நிபந்தனை. பலருக்கு இது எரிச்சல். எனக்கோ இதுதான் மிக உபயோகமான நாள். அவர் கட்டாவிட்டால் நம் தலையில் விழுவது எவ்வளவு என்று உட்கார்ந்து படிக்க வேண்டிய நாள் அதுவே. மூன்றாவதில் விஷயம் முடிவாகும், நிற்பதோ மறுப்பதோ.

அதே இடத்தில் சனிக்குப் பதில் சுக்கிரன் இருந்தால் பணத்தைவிட உறவு பேசும். திரும்பி வருபவர் கடன் கேட்க வந்தவராக இருக்க மாட்டார்.

பயணம் பன்னிரண்டில் வருவதால் இந்தியா போகிறவர்கள் விசா விண்ணப்பத்தில் பெயரைப் பாருங்கள். நம் பாஸ்போர்ட்டில் இன்னார் மகன், மகள் என்பதற்கு "ஏ/எல்", "ஏ/பி" இருக்கும். அதை ஒரு படிவத்தில் போட்டு, இன்னொன்றில் விட்டுவிட்டுக் கவுண்டரில் நிற்பதற்குப் புதனைத் திட்டிப் பயனில்லை. பாஸ்போர்ட்டில் ஆறு மாதம் பாக்கி இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள், அது எந்தக் கிரகம் வந்தாலும் பார்க்க வேண்டியது.

சரி, இதன் எல்லையையும் சொல்ல வேண்டும். அந்த மார்ச்சில் சுக்கிரனும் வக்ரம். 29-ஆம் தேதி திருக்கணிதப்படி சனியே மீனத்துக்குப் பெயர்ந்தார், ராகுவும் அங்கேதான். அந்த மாதம் நடந்ததையெல்லாம் புதன் கணக்கில் எழுதுகிறவர் பாதி ஜாதகத்தைத்தான் பார்க்கிறார். பாகை பார்த்து இப்படிச் சொல்வது மேல்நாட்டு முறையின் பழக்கம். கிரகப் பெயர்ச்சியைப் பார்க்கும் நம் கோசாரத்தில் ஜென்ம ராசியிலிருந்து எண்ணுவதே வழக்கம். நான் இரண்டையும் கலந்துதான் பார்க்கிறேன். பிறந்த நேரம் தெரியாதவருக்கு லக்னம் சந்தேகம், எனவே வீட்டுப் பலனும் சந்தேகம். இந்தியப் பஞ்சாங்கத்தில் நேரம் பார்ப்பவர்கள் மலேசிய நேரத்துக்கு இரண்டரை மணி கூட்டிக்கொள்ளுங்கள்.

அப்புறம், வக்ரம் முடியட்டும், மூன்றாவது தொடுதல் வரட்டும் என்று சட்டக் கெடுவை விட்டுவிடாதீர்கள். இங்கே கையெழுத்தான ஒப்பந்தத்துக்கு 30 நாளுக்குள் முத்திரைத் தீர்வை கட்ட வேண்டும், தாமதித்தால் அபராதம். அந்தக் கெடு ஏப்ரல் 10 என்றால் ஏப்ரல் 19-க்காகக் காத்திருக்கச் சொல்லும் சோதிடர் உங்களுக்கு நல்லது சொல்லவில்லை.

ஜாதகம் கொண்டுவந்தவர்கள், முதலில் பாகை எழுதியிருக்கிறதா பாருங்கள். கட்டம் மட்டும் இருந்தால் பிறந்த நேரத்தையும் எழுதிக் கொடுங்கள், கணக்குப் போட்டுத்தான் பேச முடியும்.