சீக்கிரம் வருகிற 'சரி'

வணக்கம். மத்தியஸ்தம் பற்றிப் பேசச் சொன்னார்கள். அதில் எனக்கு நெடுநாளாக உறுத்திக்கொண்டிருக்கிற ஒரே விஷயத்தைத்தான் எடுத்துக்கொள்ளப் போகிறேன். எதிரெதிரே உட்கார்ந்திருக்கும் இருவரில் ஒருவர் கை ஓங்கியிருக்கிறது, இன்னொருவர் ஒடுங்கிப்போயிருக்கிறார். நடுவில் இருப்பவர் யார் பக்கமும் சாயக் கூடாது. அப்படியானால் ஒடுங்கியவர் ஏமாந்துபோவதைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டியதுதானா?

"இரண்டு பேருக்கும் சமமான நாற்காலி, சமமான நேரம் கொடுத்துவிட்டால் போதாதா?" என்று பலர் கேட்பார்கள். போதாது. கடிகாரம் வைத்து ஆளுக்குப் பத்து நிமிடம் கொடுத்துப் பாருங்கள். விவரம் தெரிந்தவர் அந்தப் பத்து நிமிடத்தில் வழக்கையே முடித்துவிடுவார். தெரியாதவர் இரண்டு நிமிடம் பேசிவிட்டு, "அவ்வளவுதான் ஐயா" என்பார். பேசத் தெரியாததால் இல்லை, எதைப் பற்றிப் பேச வேண்டும் என்றே அவருக்குத் தெரியாததால்.

ஒரு வழக்கைச் சொல்கிறேன். ஆட்கள் யாரென்று தெரியாதபடி கொஞ்சம் மாற்றித்தான் சொல்கிறேன். இரண்டு நண்பர்கள், பாதிக்குப் பாதி பங்கில் ஒரு பட்டறை. ஒருவர் கணக்கு, வங்கி, வாடிக்கையாளர் எல்லாம் பார்த்தார். மற்றவர் இயந்திரங்களோடு இருந்தார். பிரிவது என்று முடிவாகிவிட்டது. கணக்குப் பார்த்தவர் வக்கீலோடு வந்தார், ஒரே தாளில் மற்றவர் பங்குக்கு ஒரு தொகை எழுதியிருந்தது. பட்டறைக்காரர் தனியாக வந்தார். தாளைப் பார்த்தார், நண்பர் முகத்தைப் பார்த்தார், "சரி, கையெழுத்துப் போட்டுடறேன்" என்றார்.

நான் கவனிப்பது இந்தச் 'சரி'யைத்தான். பேரம் இல்லாமல், கேள்வி இல்லாமல் சீக்கிரம் வருகிற 'சரி' வேறு மாதிரி இருக்கும். பதில் சொல்வதற்கு முன் எதிரில் இருப்பவர் முகத்தைப் பார்ப்பது ஓர் அடையாளம். "நீங்க என்ன சொல்றீங்க சார்?" என்று மத்தியஸ்தரையே கேட்பது இன்னோர் அடையாளம்.

அந்தத் தொகை எப்படி வந்தது என்று எனக்குப் பார்த்தவுடன் தெரிந்துவிட்டது. இயந்திரங்களைக் கணக்குப் புத்தகத்தில் இருந்த மதிப்பில் போட்டிருந்தார்கள். ஓர் இயந்திரத்துக்குப் பத்து வருட ஆயுள் என்று வைத்து வருடாவருடம் ஒரே அளவு தேய்மானம் கழித்தால், ஏழு வருடம் ஓடிய இயந்திரம் புத்தகத்தில் வாங்கிய விலையில் 30 சதவீதமாகத்தான் நிற்கும். நன்றாகப் பராமரித்த இயந்திரமாக இருந்தால் சந்தையில் அதைவிட அதிகம் கிடைக்கலாம். வாடிக்கையாளர்களிடமிருந்து வரவேண்டிய பாக்கியும் அந்தத் தாளில் இல்லை.

இப்போது நான் என்ன செய்வது? "இது குறைவு, கையெழுத்துப் போடாதீர்கள்" என்று சொன்னால் அந்த நிமிடமே நான் அவருடைய வக்கீல் ஆகிவிடுகிறேன். பேசாமல் இருந்தால் மற்றவருக்குத் துணைபோனவன் ஆகிறேன். ஆகவே இருவரையும் பார்த்து ஒரே கேள்வி கேட்டேன்: "இந்தத் தொகை எந்தக் கணக்கிலிருந்து வந்தது? அந்தக் கணக்கை நீங்கள் இரண்டு பேரும் பார்த்திருக்கிறீர்களா?"

அன்று முடிவு எடுக்கவில்லை. கடைசி மூன்று வருடக் கணக்கின் நகல் இருவர் கையிலும் இருக்க வேண்டும், அதைப் படிக்க ஒரு வாரம், இருவரும் விரும்பினால் ஆளுக்கொரு கணக்காளரை அழைத்து வரலாம் என்று ஏற்பாடு. கவனியுங்கள், ஏற்பாடு இருவருக்கும் ஒன்றுதான். ஆனால் பலன் யாருக்கு அதிகம் என்று உங்களுக்கே தெரியும். முடிவு என்ன ஆகிறது என்பதில் நான் நடுநிலை. முடிவு எடுக்கிற விதத்தில் எனக்கு நடுநிலை கிடையாது. இதை இன்னொரு தடவை சொல்கிறேன், ஏனென்றால் இளம் மத்தியஸ்தர்கள் தடுமாறுவது இங்கேதான்: தொகை அவர்கள் பாடு, அது தெரிந்து சொன்ன தொகையா என்பது என் பாடு.

இதற்கும் ஓர் எல்லை உண்டு. அமெரிக்காவில் மூன்று அமைப்புகள் சேர்ந்து 2005-இல் திருத்திய மத்தியஸ்தர் நடத்தை நெறிகள் இதை ஒளிக்காமல் சொல்கின்றன. ஒவ்வொருவரும் சுதந்திரமாக, விவரம் அறிந்துதான் முடிவெடுத்தார் என்று மத்தியஸ்தர் தாமே உறுதிசெய்ய முடியாது. ஆனால் தேவைப்படும் இடத்தில், வேறு தொழில்வல்லுநர்களைக் கலந்துகொள்வதன் முக்கியத்துவத்தை அவர்களுக்கு எடுத்துச்சொல்ல வேண்டும்.

சரி, வழக்குக்கு வருவோம். தனித்தனியாகப் பேசும் அமர்வு என்று ஒன்று உண்டு. அங்கே சொல்வதை, சொன்னவர் அனுமதி இல்லாமல் மற்றவரிடம் சொல்லக் கூடாது. நான் எல்லோரிடமும், எல்லா வழக்கிலும், அங்கே இரண்டு கேள்வி கேட்பேன். முதலாவது: "இது முடியாமல் போனால் உங்களுக்கு என்ன ஆகும்?" கணக்குப் பார்த்தவர் குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்: மாதக் கடைசிக்குள் பிரிவினைப் பத்திரம் வராவிட்டால் வங்கி புதுக் கடன் தராது. ஆக, பலம் உள்ளவராகத் தெரிந்தவருக்குத்தான் அவசரம்! பட்டறைக்காரருக்கோ இன்னும் ஆறு மாதம் ஆனாலும் ஒன்றும் இல்லை, அது அவருக்கே தெரியாது.

இதை நான் அவரிடம் சொல்ல முடியாது. முகத்தில் காட்டவும் கூடாது. "இதை நீங்களே சொல்லிவிடலாமா?" என்று கணக்குக்காரரிடம் கேட்டேன், மறுத்தார். அது அவர் உரிமை. பட்டறைக்காரரிடம் தனியாகப் பேசும்போது, மற்றவரிடம் கேட்ட அதே இரண்டாவது கேள்வியைக் கேட்டேன்: "எதிரில் இருப்பவரிடம் நீங்கள் கேட்க நினைத்து, கேட்காமல் விட்டது ஏதாவது உண்டா?" கொஞ்ச நேரம் யோசித்தார். திரும்பக் கூடி உட்கார்ந்ததும் அவரே கேட்டார், "உனக்கு ஏன்டா இவ்வளவு அவசரம்?" வக்கீல் ஏதோ சொல்ல வாயெடுத்தார். நண்பர் அவரை நிறுத்திவிட்டு விஷயத்தைச் சொல்லிவிட்டார். கேள்விகளை எல்லோரிடமும் ஒரே மாதிரி கேட்கும் வழக்கம் இல்லாதவர், அன்று மட்டும் அதைக் கேட்டிருந்தால், அந்தக் கேள்வியே ரகசியத்தைக் காட்டிக்கொடுத்திருக்கும். அதனால்தான் வழக்கம் முக்கியம் என்கிறேன்.

கடைசியில் என்ன ஆயிற்று? தம் கணக்காளர் சொன்ன தொகையைவிடக் குறைவாகத்தான் பட்டறைக்காரர் ஒப்புக்கொண்டார். பதிலுக்கு இரண்டு இயந்திரங்கள் வேண்டும், உடனே வேண்டும் என்றார். எனக்கு அது குறைவாகவே பட்டது. ஆனால் கணக்கு அவர் கையில் இருந்தது, நண்பரின் அவசரம் தெரிந்திருந்தது, இரண்டு நாள் கழித்தே கையெழுத்துப் போட்டார். அதற்கு மேல் நான் வாய் திறந்தால் அது என் விருப்பம், அவருடையது அல்ல.

இந்த வழக்கைப் பற்றி நான் நிறையப் பேசிவிட்டேன் போலிருக்கிறது, நேரம் முடியப்போகிறது என்று சைகை காட்டுகிறார்கள். வேகமாகச் சொல்லிவிடுகிறேன். இதெல்லாம் விவரத்திலும் பணத்திலும் உள்ள ஏற்றத்தாழ்வுக்குத்தான். ஒருவர் மற்றவரைப் பார்த்துப் பயப்படுகிறார் என்றால் கணக்கு நகலும் அவகாசமும் எதற்கும் உதவாது. பெண்கள் மீதான வன்முறை பற்றிய 2011-ஆம் ஆண்டு இஸ்தான்புல் உடன்படிக்கையின் 48-ஆவது பிரிவு, அப்படிப்பட்ட வழக்குகளில் கட்டாய சமரசத்தைத் தடைசெய்யச் சொல்கிறது. அதனால் குடும்ப வழக்கு என்றால் முதல் கூட்டு அமர்வுக்கு முன்பே, இருவரையும் தனித்தனியாக, வேறு வேறு நேரத்தில் சந்தித்து, வீட்டில் பயம் உண்டா என்று கேட்க வேண்டும். உண்டு என்றால் நிறுத்திவிட வேண்டியதுதான். நிறுத்தும்போது காரணம் சொல்லக் கூடாது, சொன்னால் பயந்தவர் வீடு திரும்பியதும் அது அவர் தலையில் விடியும். "இது இந்த முறைக்கு ஏற்ற வழக்கு இல்லை" என்று பொதுவாக முடிக்க வேண்டும். இருவரும் அங்கே இருந்தால், பயந்தவரை முதலில் அனுப்பிவிட்டு, மற்றவரை ஏதாவது தாள் வேலையில் கால் மணி நேரமாவது உட்கார வைக்க வேண்டும். நன்றி, வணக்கம்.